பேக்கேஜ் 12,800, பில் 17,758: கட்டுவதற்கு முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

செபராங்_குமரன்

வணக்கம். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நேற்று லாப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை முடிந்தது. அம்மா நன்றாக இருக்கிறார், நாளை காலை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்புறுதி இல்லை. நானும் தங்கையும் சேர்ந்துதான் கட்டப் போகிறோம்.

சேர்க்கும்போது 12,800 ரிங்கிட் பேக்கேஜ் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 10,000 டெபாசிட் கட்டினோம். இன்று மாலை பில்லிங் பிரிவிலிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி வந்திருக்கிறது, ‘ஓடி’ என்றால் அறுவை சிகிச்சை அறை:

பேக்கேஜ்: 12,800.00
வார்டு ஃபார்மசி: 1,184.60
மெடிக்கல் கன்ஸ்யூமபிள்ஸ், ஓடி: 2,236.00
லேப்: 468.00
ஹிஸ்டோபாத்தாலஜி: 320.00
ஃபிசிஷியன் கட்டணம்: 400.00
எக்விப்மென்ட் யூசேஜ்: 350.00
மொத்தம்: 17,758.60
டெபாசிட் கழித்து மீதி: 7,758.60

நாளை பகல் 12 மணிக்குள் கட்டச் சொல்லி ஒரு லிங்க்கும் அனுப்பியிருக்கிறார்கள். மீதி 2,800 ரிங்கிட் வரும் என்று நினைத்துப் பணம் ஒதுக்கியிருந்தோம். கிட்டத்தட்ட 5,000 கூடுதல். பேக்கேஜ் என்று சொன்ன பிறகு எப்படி இது? நாளை கவுண்டரில் என்ன கேட்பது?

ஜெலுத்தோங்_ரவி

தம்பி, கவலைப்படாதீங்க. தனியார் மருத்துவமனைக் கட்டணங்களுக்கு அரசாங்கமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 13-ஆவது அட்டவணை என்று பெயர். அதைக் காட்டினால் எல்லாவற்றையும் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

மீனா_கேஎல்

என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது. காப்புறுதி நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம், அதாவது கடைசி ஜிஎல், வரும்வரை ஒரு காசு கட்டாதீர்கள். காப்புறுதி நிறுவனம் எதைக் கட்ட மறுத்தது என்று பட்டியல் கேளுங்கள். எங்களுக்கு அட்மிஷன் கிட், பதிவுக் கட்டணம், துணைக்குத் தங்கியவரின் சாப்பாடு எல்லாம் எங்கள் கையில் விழுந்தது. அறையைக் கொஞ்சம் பெரிதாக எடுத்ததற்கு மற்ற செலவிலும் ஒரு பங்கை எங்களையே கட்டச் சொன்னார்கள். பாலிசியில் அப்படி ஒரு விதி இருந்திருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

செபராங்_குமரன்

அக்கா, அம்மாவுக்குக் காப்புறுதியே இல்லை. முழுக்க நாங்கள்தான்.

மீனா_கேஎல்

ஓ, சரி தம்பி. அப்போது ஜிஎல் கதை உங்களுக்கு இல்லை. அம்மா சீக்கிரம் தேறட்டும்.

கவுண்டர்_லதா

குமரன், நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங்கில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். இதைக் கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ரவி சொன்னது. 13-ஆவது அட்டவணை உண்மைதான். 2006 விதிமுறைகளில் இருக்கிறது, 2013-இல் திருத்தினார்கள். ஆனால் அது டாக்டர்களின் கட்டணத்துக்கு மட்டும். அறுவை செய்தவர், மயக்க மருந்து கொடுத்தவர், வந்து பார்த்த ஃபிசிஷியன், இவர்களுக்குத்தான் உச்சவரம்பு. மருந்து, ஊசி, கையுறை, அறை, கருவி எல்லாம் மருத்துவமனை தானே வைக்கும் விலை. உங்கள் பில்லில் பேக்கேஜுக்கு வெளியே அட்டவணைக்குள் வரக்கூடியது அந்த 400 மட்டும். மீதியை அட்டவணை காட்டிக் குறைக்க முடியாது.

இப்போது உங்கள் செய்தி. அதில் இருப்பவை எல்லாம் தலைப்புகள். தலைப்பை வைத்து நியாயமா அநியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘கன்ஸ்யூமபிள்ஸ் 2,236’ என்பதற்குள் நாற்பது பொருளும் இருக்கலாம், நாலு பொருளும் இருக்கலாம். இன்றிரவே பதில் அனுப்பி, தேதி போட்ட விவரப் பில் கேளுங்கள். ஐட்டமைஸ்ட் பில் என்றால் அவர்களுக்குப் புரியும். நோயாளி கேட்டால் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, தயங்க வேண்டாம். ‘தேதி போட்ட’ என்பதை மறக்காமல் எழுதுங்கள். பொருளின் பெயர் மட்டும் இருந்தால் பாதிதான் தெரியும். எந்த நாளில் ஏறியது என்று தெரிந்தால்தான் பேக்கேஜுக்கு உள்ளே இருக்க வேண்டியதா வெளியே இருக்க வேண்டியதா என்று பிரிக்க முடியும்.

அப்புறம், இந்தச் செய்தி இடைக்கால பில்லா இறுதிப் பில்லா என்று கேளுங்கள். மாலையில் வருவது பெரும்பாலும் இடைக்காலம். வார்டில் இன்றிரவு போடும் மருந்து இன்னும் ஏறியிருக்காது, திருப்பிக் கொடுத்த பொருளும் இன்னும் கழிந்திருக்காது. லிங்க்கில் கட்டாதீர்கள், கவுண்டரில் பேசிவிட்டுக் கட்டுங்கள்.

கையெழுத்துப் போட்ட பேக்கேஜ் தாள் கையில் இருக்கிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போடுங்கள். அது இல்லாமல் நான் சொல்வதெல்லாம் ஊகம்.

செபராங்_குமரன்

இருக்கிறது. ஒரு பக்கம்தான். அடங்குபவை: அறுவை டாக்டர், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், ஓடி கட்டணம், வழக்கமான ஓடி பொருட்களும் கருவிகளும், அறுவைக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை, நான்கு படுக்கை அறையில் 2 இரவு, வார்டு மருந்து 500 ரிங்கிட் வரை.

அடங்காதவை: வீட்டுக்கு எடுத்துப் போகும் மருந்து, ஹிஸ்டோபாத்தாலஜி, மற்ற துறை டாக்டர்கள், சிக்கல் வந்தால் அதற்கான சிகிச்சை, சிறப்புக் கருவிகள்.

கவுண்டர்_லதா

நல்ல தாள். இதைவிட மோசமானவை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹிஸ்டோபாத்தாலஜி 320-ஐ விட்டுவிடுங்கள். எடுத்த பித்தப்பையை லேபுக்கு அனுப்பிப் பார்ப்பது வழக்கம், அவசியமும்கூட. தாளில் வெளியே என்று தெளிவாக இருக்கிறது. ரிப்போர்ட் எப்போது வரும், அதைச் சொல்ல டாக்டரைப் பார்க்கும்போது தனிக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிசிஷியன் 400. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறதா? அறுவைக்கு முன் யாராவது வந்து பார்த்தார்களா? எத்தனை தடவை பார்த்தார், எந்தத் தேதி, யார் கூப்பிட்டது, அட்டவணையில் எந்த ஐட்டத்தில் போட்டார்கள், இவ்வளவும் கேட்கலாம்.

‘வழக்கமான ஓடி பொருட்கள்’ உள்ளே, ‘சிறப்புக் கருவிகள்’ வெளியே. உங்கள் 2,236 இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நிற்கிறது. பில்லிங் கவுண்டரில் இருப்பவருக்கு எது வழக்கம், எது சிறப்பு என்று தெரியாது. ஓடியில் ஸ்கேன் செய்த பொருள் அப்படியே கணினியில் ஏறும். பேக்கேஜ் நோயாளி என்று குறித்து வைத்திருந்தால் சில பொருட்கள் தானாகப் பூஜ்யமாகும். குறியீடு விட்டுப்போனால் எல்லாம் விலையோடு வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும், பெரும்பாலும் அது நோயாளியின் குடும்பம்தான்.

ஓடி_தாதி

நான் இப்போதும் ஓடியில்தான் வேலை. லதா அக்கா சொன்னதில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

லாப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவைக்கு வயிற்றில் சிறு துளை போட ட்ரோகார் வேண்டும். பித்தப்பைக் குழாயையும் இரத்தக் குழாயையும் மூட கிளிப் வேண்டும். துணி, பஞ்சு, உறை வேண்டும். இவை இல்லாமல் அந்த அறுவையே கிடையாது. ஆகவே எந்தக் கணக்கில் பார்த்தாலும் வழக்கமான பொருள். அந்தப் பெயர்கள் விவரப் பில்லில் விலையோடு இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மாறாக, வெட்டும்போதே இரத்தத்தை அடைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது, விலை அதிகம். பித்தப்பை வீங்கி ஒட்டியிருந்தால் டாக்டர் அதைத் திறக்கச் சொல்வார். எல்லா நோயாளிக்கும் திறப்பதில்லை. அது பில்லில் இருந்தால் பில்லிங்கோடு சண்டை போட்டுப் பயனில்லை. டாக்டரிடம் ‘ஏன் தேவைப்பட்டது, அறுவைக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்களா’ என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மருந்து பற்றியும் ஒன்று. வார்டுக்கு ஃபார்மசி மொத்தமாக அனுப்பும், மிச்சமானது திரும்பிப் போகும். திரும்பியது கணினியில் ஏறுவதற்குள் பில் அடித்துவிட்டால் போடாத மருந்துக்கும் காசு வரும். தாதி ஒவ்வொரு மருந்துக்கும் நேரம் போட்டுக் கையெழுத்திடும் சார்ட் இருக்கிறது. பில்லில் எத்தனை, சார்ட்டில் எத்தனை என்று வார்டு சிஸ்டரிடம் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே சார்ட்டைப் படிக்க வேண்டாம், அவர்களே எண்ணிச் சொல்வார்கள்.

பிறை_செல்வி

எங்கள் அண்ணிக்குப் பிரசவப் பேக்கேஜ் எடுத்தோம். சுகப்பிரசவத்துக்கு என்று எடுத்தது, கடைசியில் ஆபரேஷன் ஆகிவிட்டது. பேக்கேஜ் முழுவதும் போய், எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுவிட்டார்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை விளக்கு வைத்தது, குழந்தை டாக்டர், தடுப்பூசி எல்லாம் குழந்தை பெயரில் இன்னொரு பில். அம்மா பில்லை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று நாங்கள் கிளம்பப் பார்த்தோம். குமரன் அண்ணே, உங்களுக்கும் வேறு பெயரில் பில் ஏதாவது இருக்கிறதா?

கவுண்டர்_லதா

செல்வி, பிரசவத்தில் அது எப்போதும் வரும் பிரச்சினைதான். ‘பேக்கேஜ் எப்போது ரத்தாகும், ரத்தானால் கட்டிய பணம் எந்தக் கணக்கில் போகும்’ என்று சேரும் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும். குமரனுக்குப் பேக்கேஜ் உடையவில்லை. லாப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்துத் திறந்த அறுவையாக மாறியிருந்தால் உடைந்திருக்கலாம்.

தமிழ்நாட்டு_ராஜா

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. நான் இந்தியக் குடிமகன், பாயான் லெப்பாஸில் வேலை. என் பில்லில் சேவை வரி 6 விழுக்காடு என்று ஒரு வரி இருந்தது. அதையும் கேட்டு எடுக்கச் சொல்லலாமா?

கவுண்டர்_லதா

எடுக்க மாட்டார்கள் ராஜா. 2025 ஜூலை 1 முதல் குடியுரிமை இல்லாதவர்களின் தனியார் மருத்துவச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. மலேசியக் குடிமக்களுக்கு இல்லை. குமரனின் அம்மா பில்லில் அது வந்தால்தான் கேள்வி. உங்கள் பில்லில் தவறான கட்டணம் எதையாவது நீக்கினால் அதன் மேல் போட்ட சேவை வரியும் சேர்ந்து குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜெலுத்தோங்_ரவி

லதா அக்கா, அட்டவணை விஷயம் தெளிவாகிவிட்டது, நன்றி. ஆனால் மருந்து விலையைக் காட்ட வேண்டும் என்று இப்போது சட்டம் வந்ததே? அதை வைத்துக் குறைக்கலாம் அல்லவா?

கவுண்டர்_லதா

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருத்துவமனையும் மருந்துக் கடையும் மருந்தின் விலையைக் காட்ட வேண்டும். காட்டச் சொல்கிறது, இவ்வளவுக்கு மேல் விற்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு பயன் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுக்கும் மருந்தின் விலையை வாங்குவதற்கு முன்பே பார்த்து, வெளியே வாங்கலாமா என்று முடிவு செய்யலாம். பிரிஸ்கிரிப்ஷன் கேளுங்கள். அம்மா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை பையில் இருந்தால், பையைத் திறக்காமல் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய்விட்டால் பெரும்பாலும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

செபராங்_குமரன்

நேற்றிரவே விவரப் பில் கேட்டு எழுதினேன். காலை ஒன்பதரைக்குத் தாள் வந்தது. ஓடி_தாதி சொன்னது அப்படியே இருந்தது.

ஓடி 2,236-இல் அந்த வெட்டி அடைக்கும் கருவி 1,450. ட்ரோகார் 480, கிளிப் 210, துணி உறை செட் 96. பின்னே சொன்ன மூன்றும் சேர்ந்து 786. பேக்கேஜ் தாளை நீட்டி, ‘இவை வழக்கமான பொருள்தானே’ என்று கேட்டேன். கவுண்டர் பெண் ஓடிக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் 786-ஐ எடுத்துவிட்டார்கள், பேக்கேஜ் குறியீடு விடுபட்டதாகச் சொன்னார்கள்.

லேப் 468-இல் 248-க்கு அறுவைக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை. தேதியைப் பார்த்தால் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு! அன்று கிளினிக் கவுண்டரிலேயே கட்டிய ரசீது தங்கையின் போனில் இருந்தது. அதையும் எடுத்தார்கள். மீதி 220 அறுவைக்கு மறுநாள் எடுத்த கல்லீரல் பரிசோதனை. அது தாளில் உள்ளே இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

ஃபார்மசியில் 500-க்கு மேல் போன வார்டு மருந்து 872, வீட்டு மருந்து 312.60. வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். பாரசிட்டமால் டிரிப் 10 பாட்டில் பில்லில், போட்டது 6. நான்கு பாட்டில், ஒன்று 38 வீதம், 152 குறைந்தது. வீட்டு மருந்தில் அம்மாவின் பிரஷர் மாத்திரை 96-க்கு இருந்தது. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் வாங்கியது வீட்டிலேயே இருக்கிறது, திருப்பிக் கொடுத்தோம்.

மொத்தம் 1,282 குறைந்தது. இப்போது பில் 16,476.60, மீதி 6,476.60.

ஆனால் இரண்டு இன்னும் இடிக்கிறது. அந்த 1,450. அப்புறம் எக்விப்மென்ட் 350. அது வார்டில் வைத்த மானிட்டருக்கும் டிரிப் பம்புக்கும் என்கிறார்கள். தாளில் உள்ளே என்றும் இல்லை, வெளியே என்றும் இல்லை.

ஓடி_தாதி

1,450-க்கு டாக்டர் என்ன சொன்னார்?

செபராங்_குமரன்

பித்தப்பை கல்லீரலோடு ஒட்டி இருந்தது, இரத்தக் கசிவைத் தவிர்க்கத்தான் அந்தக் கருவி என்றார். அறுவைக் குறிப்பில் எழுதியதையும் காட்டினார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னேன். ஆனால் அப்படித் தேவைப்படலாம், இவ்வளவு வரும் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தத் தவிப்பு இருந்திருக்காது.

கவுண்டர்_லதா

அந்த 1,450 நியாயமான செலவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம் குறிப்பில் இருக்கிறது, தாளிலும் சிறப்புக் கருவி வெளியே. ஆனால் நீங்கள் வருந்துவது சரி. மதிப்பீட்டுக் கட்டணத்தை முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. ‘எந்தச் சிறப்புக் கருவி தேவைப்படலாம், அதிகபட்சம் எவ்வளவு’ என்று கையெழுத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் ஒரு தொகை சொல்வார்கள்.

350-ஐ விடாதீர்கள். அறை வாடகையில் மானிட்டர் அடங்குமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறு. உங்கள் தாள் மௌனமாக இருக்கிறது, அந்த மௌனத்தை அவர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓடி_தாதி

இதில் எனக்குக் கருத்து வேறு, அக்கா. மயக்கம் தெளிந்து வந்தவரை மானிட்டரில் வைப்பது கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம் போடும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அது தவறு என்று சொல்ல முடியாது.

கவுண்டர்_லதா

கட்டாயம் என்றால் அது அறுவையின் ஒரு பகுதி, பேக்கேஜ் விலைக்குள் இருக்க வேண்டும் என்பது என் வாதம். இதற்கு மேல் நாம் இருவரும் இங்கே முடிவு செய்ய முடியாது. குமரன், எத்தனை மணி நேரம் மானிட்டர், எந்த விலைப் பட்டியல் என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும் புகார் கேட்க நோயாளி உறவு அதிகாரி இருக்க வேண்டும், அவரிடம் கொடுங்கள். அங்கே சரியான பதில் இல்லையென்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு, சிகேஏபிஎஸ் என்பார்கள், எழுதலாம். கட்டும்போது ரசீதிலோ மின்னஞ்சலிலோ ‘350 பற்றி ஆட்சேபம் இருக்கிறது’ என்று பதிவு இருக்கட்டும்.

செபராங்_குமரன்

6,476.60 கட்டிவிட்டோம். கவுண்டரில் இருந்தபடியே 350 பற்றி மின்னஞ்சல் அனுப்பினேன், உறவு அதிகாரி பெற்றுக்கொண்டதாகப் பதில் போட்டார். இதற்குப் பிறகு வேறு கட்டணம் ஏறாது என்று எழுதிக் கேட்டதற்கு, ஹிஸ்டோபாத்தாலஜி உட்பட எல்லாம் இதில் வந்துவிட்டது, ரிப்போர்ட் பார்க்க வரும்போது டாக்டர் கட்டணம் மட்டும் தனி என்றார்கள்.

பிறை_செல்வி

அந்த 350-க்கு பதில் வந்தால் இங்கேயே போடுங்கள் அண்ணே. எங்கள் அண்ணி பில்லிலும் அதே பெயரில் ஒரு வரி இருக்கிறது, இன்றுதான் எடுத்துப் பார்த்தேன்.

கவுண்டர்_லதா

செல்வி, உங்கள் பில் எந்த மாதம்? விவரப் பில் இப்போதும் கேட்கலாம். குழந்தை பெயரில் வந்ததற்கும் சேர்த்துத் தனியாகக் கேளுங்கள்.